கதவு இல்லாத வீட்டில் சாத்திக்கொள்ளும் பிள்ளை

(வடசென்னையில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

சாயந்திரம் ஐந்தரை மணிக்கு உங்கள் வீட்டில் நடக்கிற பேச்சைச் சொல்கிறேன். சரியா இல்லையா என்று பாருங்கள். "வந்துட்டியா?" "ம்." "ஸ்கூலு எப்படிப் போச்சு?" "போச்சு." "டெஸ்ட்டு பேப்பர் குடுத்தாங்களா?" "இல்ல." "மூஞ்சி ஏன் ஒரு மாதிரி கீது?" "ஒண்ணியும் இல்லம்மா, உடும்மா." முடிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூல் கேட்டில் ஆரம்பித்து வீட்டுப் படி ஏறும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த அதே பிள்ளைதான்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். நம் பக்கம் எத்தனை வீட்டில் சாத்துவதற்கு ஒரு கதவு இருக்கிறது? வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, அதில் ஐந்து பேர் என்று வாழ்கிற குடும்பங்கள் ஏராளம். கதவு இல்லாததால் அந்த ஆசை வராமல் போய்விடாது. அது வேறு உருவத்தில் வரும். பாத்ரூமில் இருபத்தைந்து நிமிஷம் இருப்பது, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்காருவது, மே மாதப் புழுக்கத்திலும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வது, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பது, எல்லாம் அதுதான். காதில் இயர்போன் இருக்கும். சில நேரம் அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால் மறுமுனை எதிலும் செருகாமல் சட்டைப் பைக்குள் கிடக்கும். பாட்டு கேட்பதற்காக மாட்டியதில்லை. "என்னிடம் இப்போது பேசாதே" என்று மாட்டிய பலகை அது.

இது எங்கிருந்து வருகிறது? பெண்பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பதின்மூன்று வயதுக்குள், ஆண்பிள்ளைகளுக்கு ஒன்பதிலிருந்து பதினான்குக்குள் பருவ மாற்றம் தொடங்கும். உடம்பு மாறுவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. கூடவே காது மாறுவது தெரிவதில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2022-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பிள்ளைகளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அர்த்தமே இல்லாத சில சொற்களை அம்மா குரலிலும், முன்பின் தெரியாத பெண்களின் குரலிலும் கேட்கவைத்தார்கள். பன்னிரண்டு வயது வரை, மூளையில் இன்பத்தையும் முக்கியத்துவத்தையும் உணரும் பகுதிகள் அம்மா குரலுக்குத்தான் அதிகம் எழுந்தன. பதின்மூன்றை ஒட்டி அது தலைகீழாகி, அந்நியக் குரலுக்கு அதிகம் எழுந்தன. அம்மா குரலை அடையாளம் காண்பதில் எந்தக் குறையும் இல்லை. வெளியுலகத்தின் குரல்களைக் கவனிக்கப் பழகுகிற வயது வந்துவிட்டது, அவ்வளவே. "நான் நாலு தடவை கூப்புட்டா திரும்ப மாட்டான், தெருவுல ஒருத்தன் விசில் அடிச்சா ஓடுறான்" என்று சொல்கிறோமே, அதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை.

இரண்டாவது காரணம் தூக்கம். இந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற சுரப்பு, சின்ன வயதைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகவே வேலையைத் தொடங்குகிறது. பல பிள்ளைகளுக்குப் பதினொன்றரை பன்னிரண்டுக்கு முன்னால் கண் சொருகாது. ஆனால் விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் அடிபம்ப் சத்தம், குடம் வைக்கிற சத்தம், லைட்டு. ஒரே அறையில் படுத்திருப்பவன் எழுந்தே ஆகவேண்டும். எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்கவேண்டிய உடம்புக்கு ஆறு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. சாயந்திரம் நீங்கள் கேள்வி கேட்கும்போது வருகிற அந்த "ம்"மில் பாதி இந்தத் தூக்கக் கடன்.

மூன்றாவது, எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற எண்ணம். முகப்பரு ஒன்று வந்தால் தெருவே அதைப் பார்ப்பதாக நினைப்பார்கள். இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. பெண் பெரியவளானால் தெருமுனையில் அவள் படம் போட்டு ஃபிளெக்ஸ் பேனர் வைக்கிறோம். அவள் வகுப்புப் பையன்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் ஸ்கூலுக்குப் போகிறார்கள். அதற்கு அடுத்த மாதமே "இவ ஏன் எதையும் சொல்ல மாட்டேங்கறா?" என்று கேட்கிறோம். சடங்கு செய்யவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேனரை அவளிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். பாட்டி, ஒன்பதாவது படிக்கிற பையன், ஐந்தாவது படிக்கிற தங்கை. பையன் உள்ளே வந்து செருப்பைக் கழற்றி கால் மணி நேரத்துக்குள் விழுகிற கேள்விகளை எண்ணுவோம். அம்மா நாலு, பாட்டி இரண்டு, தங்கை ஒன்று, அப்பா போனில் மூன்று. மொத்தம் பத்து. எங்கே போனாய், யாருடன் வந்தாய், ஏன் லேட்டு, எவ்வளவு மார்க், அந்தப் பையனோடு சேராதே என்றேனே சேர்ந்தாயா. பத்தில் ஏழெட்டு, கணக்குக் கேட்கிற கேள்விகள். நீளமாகப் பதில் சொன்னால் அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வி முளைக்கும் என்பது அவனுக்கு அனுபவத்தில் தெரியும். "கார்த்தியோட வந்தேன்" என்றால் "எந்தக் கார்த்தி, அந்தக் கேரம் கிளப்புப் பையனா?" என்று வரும். "ஃப்ரெண்டு" என்று சொன்னால் ஒரு கேள்வியோடு போகும். சின்னப் பதில் அவன் கண்டுபிடித்த சிக்கனம்.

இந்த வீட்டில் மாற்றவேண்டியது மூன்றே விஷயம். முதலாவது நேரம். வந்ததும் அரை மணி நேரத்துக்குக் கேள்வியே இல்லை. தட்டில் எதையாவது வைத்து, "வெச்சிருக்கேன், சாப்புடு" என்பதோடு நிறுத்தவேண்டும். பாட்டிக்கும் தங்கைக்கும் இதைச் சொல்லிவைக்கவேண்டும். அம்மா மட்டும் நிறுத்தினால் கணக்கு பத்திலிருந்து ஆறுக்குத்தான் இறங்கும். இரண்டாவது, உட்காரும் விதம். முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேட்டால் அது விசாரணை. மாடியில் துணி எடுக்கும்போது, மீன் வாங்கப் போகும்போது, அப்பா வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, இருவர் கண்ணும் வேறெங்கோ இருக்கும். அப்போதுதான் இந்த வயதில் பேச்சு வரும். மூன்றாவது, கேள்விக்குப் பதிலாக நம் செய்தி ஒன்றைச் சொல்வது. "இன்னிக்கு ஒரு பிளவுஸ்ல கை மாத்தி வெச்சுத் தெச்சிட்டேன்டா, முழுசாப் பிரிக்கவேண்டியதாப் போச்சு" என்றால் அதற்குப் பதில் கட்டாயமில்லை. கட்டாயமில்லாததால்தான் சில நாள் பதில் வரும்.

முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றுமே நடக்காது. இங்கேதான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். "நானே பேச்ச நிறுத்திட்டேன், அவனுக்கு அதுவும் உறைக்கல" என்று பழையபடி பத்துக் கேள்விக்குத் திரும்பிவிடுவார்கள்.

இன்னொரு தவறு, போனைப் பிடுங்கிப் பார்ப்பது. சுவீடனில் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2000-இல் வெளியானது. பெற்றோருக்குப் பிள்ளையைப் பற்றித் தெரிந்திருப்பது எந்த வழியில் வந்தது என்று அதில் பார்த்தார்கள். கண்காணிப்பிலும் விசாரிப்பிலும் வந்தது கொஞ்சம். பிள்ளை தானாகச் சொன்னதில் வந்ததுதான் பெரும்பகுதி. கேட்காமல் எடுத்துப் பார்த்த வாட்ஸ்அப் ஒரு நாளைய செய்தியைத் தரும். மறுநாளே புது பாஸ்வேர்டு வந்துவிடும், பிள்ளை தானாகச் சொல்லிக்கொண்டிருந்த வழியும் அடைபடும். பிள்ளையின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் மட்டும் பாருங்கள். பார்த்ததைச் சொல்லியும் விடுங்கள்.

இந்த விலகல் எவ்வளவு தூரம் போகும்? சிகாகோ நகரத்தை ஒட்டிய பகுதிகளில் பிள்ளைகளைப் பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை கவனித்து, 1996-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் குடும்பத்தோடு கழிப்பது 35 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக விழுந்தது. ஆனால் அம்மாவோடு தனியாக, அப்பாவோடு தனியாக இருக்கும் நேரம் குறையவில்லை. எல்லோரும் கூடியிருக்கும் நேரம்தான் கரைந்தது. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் நமக்கு இது முக்கியம். நம் வீடுகளில் கூட்டம் எப்போதும் இருக்கிறது, தனியாக ஒருவரோடு ஒருவர் இருக்கும் நேரம்தான் கிடைப்பதில்லை. மாடித் துணியும் மீன் மார்க்கெட்டும் அதனால்தான் சொன்னேன்.

எது இயல்பு, எது கவலைப்படவேண்டியது என்று கேட்பீர்கள். கதவு யாருக்குச் சாத்தியிருக்கிறது என்று பாருங்கள். உங்களிடம் "ம்" சொல்லிவிட்டுக் கீழே போய் நண்பர்களோடு கத்திச் சிரிக்கிறான் என்றால் இயல்பு. நண்பர்களிடமும் போகவில்லை, உயிராக இருந்த ஃபுட்பால் ஷூ மூலையில் கிடக்கிறது, சாப்பாடு தூக்கம் இரண்டும் கெட்டுவிட்டது, இப்படியே இரண்டு வாரம் ஓடிவிட்டது என்றால் அது வளர்ச்சி இல்லை, நோயாக இருக்கலாம். கையில் வெட்டுக் காயத்தை மறைப்பதுபோல வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது, தனக்குப் பிரியமான பொருளை எல்லாம் பிறருக்குக் கொடுத்துவிடுவது, செத்துப்போவது பற்றிப் பேசுவது இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். "செத்துடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது.

கடைசியாக, எழுதிக் கொடுத்த கேள்விகளில் நிறையப் பேர் கேட்டது: தாழ்ப்பாள் வைக்கலாமா? பாத்ரூமுக்குக் கட்டாயம் வேண்டும். அறை இருக்கிற வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ளட்டும், உள்ளே பூட்டவேண்டாம் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அறையே இல்லாத வீட்டில், ஹாலின் ஒரு மூலையில் சுவருக்குச் சுவர் ஒரு கம்பியோ நைலான் கயிறோ கட்டி, பழைய பருத்திப் புடவையை இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள். ஃபேன் காற்று வர மேலே ஒரு முழம் இடம் இருக்கட்டும். உள்ளே ஒரு பாய், புத்தகப் பை, ஒரு சின்ன டேபிள் லைட்டு போதும். ராத்திரி ஒன்பதிலிருந்து பத்து வரை அது அவன் இடம். தங்கைக்கும் ஒரு மணி நேரம் குறித்துக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சண்டை அங்கே ஆரம்பிக்கும். புடவையில் கதவு மாதிரித் தட்டமுடியாது. அதனால் வெளியிலிருந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "வா"வோ "ம்"மோ வரும்வரை நின்றுவிட்டு அப்புறம் விலக்குங்கள்.