44 வெள்ளிக்கு பிரியாணி விற்றது, கையில் நின்றது 2 வெள்ளி!

வணக்கம். ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஒரு நிறுவனத்தின் வியாபாரம் 26 விழுக்காடு கூடுகிறது. அதே மூன்று மாதங்களில் அதன் வருவாய் 44 விழுக்காடு குறைகிறது. கணக்கில் பிழையா? இல்லை. இரண்டும் உண்மை. நிறுவனமும் நம் ஊர்தான். பெயரைக் கடைசியில் சொல்கிறேன், ஓடிவிடாதீர்கள்.

முதலில் இரண்டு பெயர்கள். உணவு விநியோகச் செயலி போன்ற ஒரு தளத்தின் வழியாகக் கைமாறிய மொத்தப் பணம் ஜிஎம்வி, அதாவது மொத்த வணிக மதிப்பு. அதில் தளத்துக்கே சொந்தமானது நிகர வருவாய். பாடம் முடிந்தது, பிரியாணிக்குப் போவோம்.

[திரையில்: மழை பெய்யும் ஜன்னல், கையில் கைப்பேசி]

ஞாயிறு மதியம், ஈசூனில் நல்ல மழை. தேக்கா பக்கம் இருக்கும் ஒரு கடையிலிருந்து குடும்பத்துக்கு 40 வெள்ளிக்கு பிரியாணி சொல்கிறீர்கள். விநியோகக் கட்டணம் 4 வெள்ளி. ஆக 44. இந்த 44 அப்படியே ஜிஎம்வியில் ஏறிவிடும்.

இப்போது பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். தளத்தின் தரகு 25 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 40 வெள்ளியில் கடைக்காரருக்கு 30, தளத்துக்கு 10. விநியோகக் கட்டணமான 4 வெள்ளி முழுவதும் ஓட்டுநருக்கு. தளத்தின் பங்கு 44லிருந்து 10க்கு இறங்கிவிட்டது. இன்னும் முடியவில்லை. நீங்கள் 5 வெள்ளி தள்ளுபடிக் கூப்பன் போட்டீர்கள் அல்லவா? அது கடைக்காரர் தந்ததல்ல, தளம் தந்தது. மழையில் யாரும் வண்டியை எடுக்க மாட்டார்கள் என்று ஓட்டுநருக்கு 3 வெள்ளி ஊக்கத்தொகையும் தளமே தருகிறது. பத்தில் ஐந்தும் மூன்றும் போனால் இரண்டு.

நம்பிக்கை இல்லையா? பணப்பையை வைத்துச் சரிபாருங்கள். உங்கள் கையிலிருந்து போனது 39. கடைக்கு 30, ஓட்டுநருக்கு 7. மிச்சம் 2.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். மழை வலுத்து, ஊக்கத்தொகை 3க்குப் பதில் 9 வெள்ளி ஆகிறது. அந்த ஓர் ஆர்டரில் தளத்துக்குக் கழித்தல் 4 வெள்ளி! ஜிஎம்வியோ அசையாமல் 44லேயே நிற்கும். பிரியாணி வந்து சேர்ந்தது, எல்லாரும் சாப்பிட்டார்கள், நட்டம் மட்டும் தளத்துக்கு.

ஊக்கத்தொகையை விளம்பரச் செலவு போலத் தனியாகக் காட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரும் பணத்தை வருவாயிலிருந்தே கழிக்க வேண்டும் என்பது கணக்கியல் விதி. பதிலுக்கு அவரிடமிருந்து தனியான ஒரு சேவையை வாங்கினால் மட்டும் விலக்கு. தளத்தின் கணக்கில் ஓட்டுநரும் கடைக்காரரும்கூட வாடிக்கையாளராக இருக்கலாம்.

சரி, 40 வெள்ளியையும் வருவாய் என்று ஏன் எழுதக் கூடாது? வீட்டு முகவரை நினைத்துப் பாருங்கள். 6 லட்சம் வெள்ளிக்கு ஒரு வீவக வீட்டை விற்றுக் கொடுத்து 2 விழுக்காடு தரகு வாங்குகிறார். “இந்த மாதம் 6 லட்சம் சம்பாதித்தேன்” என்று அவர் சொன்னால் மாமனாரே சிரிப்பார். அவர் சம்பாதித்தது 12,000. வீடு ஒருபோதும் அவருடையதாக இருந்ததில்லை. தளத்துக்கும் இதே சோதனைதான்: பொருள் வாங்குபவரிடம் போவதற்கு முன் அது தளத்தின் கட்டுப்பாட்டில் இருந்ததா? இருந்தால் முழுத் தொகையும் வருவாய். இல்லையென்றால் தரகு மட்டும்.

இதில் சறுக்கியவர்கள் உண்டு. அமெரிக்காவின் குரூப்பான் 2010ஆம் ஆண்டு வருவாயை முதலில் சுமார் 71 கோடி டாலர் என்று காட்டியது. பங்குச் சந்தைக்கு வருமுன், 2011இல், கடைகளுக்குப் போகும் பங்கைக் கழித்துத் திருத்தி எழுதியபோது அது சுமார் 31 கோடி. ஒரு கூப்பன்கூட குறைவாக விற்கவில்லை!

இப்போது அந்தப் பெயர். கிராப். 2021இன் கடைசிக் காலாண்டில் அதன் ஜிஎம்வி 450 கோடி அமெரிக்க டாலர், முந்தைய ஆண்டைவிட 26 விழுக்காடு அதிகம். வருவாய் 12.2 கோடி, 44 விழுக்காடு சரிவு. நூறு டாலருக்கு மூன்று டாலர்கூட இல்லை. ஓட்டுநர்களை ஈர்க்க அள்ளிக் கொடுத்த ஊக்கத்தொகை வருவாயைத் தின்றது. 2022 மார்ச் 3 அன்று இந்த எண்கள் வெளியானதும் பங்கு விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது.

ஒரு எச்சரிக்கை. இதன் மறுபக்கமும் உண்டு. நாளை ஒரு தளம் தானே சமைத்து விற்க ஆரம்பித்தால், கூப்பனையும் ஊக்கத்தொகையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதே பிரியாணிக்கு வருவாய் 10லிருந்து 40க்குத் தாவும். அரிசியும் கறியும் வாங்கிய செலவு கீழே தனி வரியில் போய்விடும். ஆகவே வருவாய் திடீரென்று துள்ளினால், ஆண்டறிக்கையில் வருவாயைப் பதியும் முறை பற்றிய குறிப்பைத் திறந்து, முதன்மை விற்பனையாளரா முகவரா என்று தேடுங்கள்.

உங்கள் கடைசி உணவு ஆர்டரில் கூப்பன் எவ்வளவு? கருத்துப் பகுதியில் எழுதுங்கள். யாருடைய ஆர்டரில் தளம் அதிகம் அழுதது என்று பார்ப்போம்.