"இதுக்குள்ளயே போட்டா காணுமோ?"

வணக்கம். பல வருசமாய் ஒரு கணினி நிலையத்தில் எழுத்தில் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். இணையத்தளத்தில் கேட்டாலும் வட்ஸ்அப்பில் கேட்டாலும் எல்லாம் ஒரே திரையில்தான் எனக்கு விழும். எதிலிருந்து வந்தது என்று அதில் இராது. வாசகத்தை வைத்துத்தான் பிடிக்கவேணும்.

சாவகச்சேரிப் பக்கம் ஒரு அம்மா எழுதினா. மூன்று துண்டாய் வந்தது. "ரீச்சர்." பிறகு, "உந்தப் போம் நிரப்பிட்டன்." பிறகு, "போட்டோ எடுத்து இதுக்குள்ளயே போட்டா காணுமோ?" நான் யோசியாமல், வலது பக்கம் கிளிக் பண்ணிச் சேமியுங்கோ என்று தொடங்கி, தேவையான ஆவணங்களை மூன்று நிரல் அட்டவணையாய்ப் போட்டு அனுப்பினேன். வட்ஸ்அப் அட்டவணை காட்டாது. நெட்டுக்கோடுகளும் சொற்களும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் அவவுக்குத் தெரிந்திருக்கிறது. வலது கிளிக்குக்குப் போனில் எங்கே போவா? பின்னேரம் வரைக்கும் தேடியிருக்கிறா, பாவம்.

அந்த மூன்றாம் வரியைத் திரும்பப் பாருங்கோ. "இதுக்குள்ளயே" என்றால் நாங்கள் கதைக்கிற அந்த உரையாடலுக்குள். இணையத்தளத்தில் எழுதுகிறவர் "எங்க ஏத்திறது" என்றுதான் கேட்பார், அவருக்கு அது ஒரு பக்கம். "போட்டோ எடுத்து" என்றால் கையில் கமரா இருக்கிறது. கணினிக்கு முன்னால் இருப்பவர் "ஸ்கான் பண்ணி" என்பார். இரண்டும் ஒரே வரியில் வந்தபிறகு சந்தேகம் தேவையில்லை, அவ போனில் வட்ஸ்அப்பில்தான் இருக்கிறா.

"வொய்ஸ் போடட்டோ", "அமத்திப் பிடிச்சா ஒண்டும் வருதில்லை", "குறூப்பில வந்ததை அனுப்புறன்", இவையும் அப்படித்தான். "மற்ற ரப்பில திறந்து வச்சிருக்கிறன்" என்றால் கணினி.

ஆனால் துண்டு துண்டாய் எழுதுவதை மட்டும் நம்பாதேங்கோ. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதையும் நம்பாதேங்கோ, அதைக் கணினியிலும் எங்கட பிள்ளைகள் செய்கிறார்கள். "கிளிக்" என்ற சொல்லும் உதவாது. போனில் விரல் வைக்கிறதையும் நாங்கள் கிளிக் என்றுதான் சொல்லுகிறோம். திரும்பவும் சொல்லுறன், கை என்ன செய்கிறது, கோப்பு எங்கே போகிறது, இந்த இரண்டையும் சொல்லும் சொற்களைத்தான் தேடவேணும்.

அந்த அம்மாவுக்குப் பிறகு இப்படி எழுதினேன்: "ஓம் அம்மா, காணும். போமை வெளிச்சத்தில வச்சு நாலு மூலையும் தெரிய எடுங்கோ. அடையாள அட்டையின்ர ரெண்டு பக்கமும் எடுங்கோ. மூண்டு படத்தையும் இதிலயே அனுப்புங்கோ." கொஞ்ச நேரத்தில் மூன்று படமும் வந்தது.

வட்ஸ்அப்பைக் கணினியில் திறந்து வைத்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் இரண்டு பக்கத்துச் சொல்லும் கலந்து வரும். அதை விரிவாய்ச் சொல்ல வைத்திருந்தேன், நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். கலந்து வந்தால் ஊகிக்காமல், "போனிலயோ கொம்பியூட்டரிலயோ பாக்கிறியள்?" என்று ஒரு வரி கேளுங்கோ. வணக்கம்.