வயிறு தொந்தரவு செய்யாதபோதே உயரம் நின்றுபோகுமா?

கேள்வி: "டாக்டர், என் பையனுக்கு 13 வயசு முடியப்போகுது. ரெண்டு வருஷமா உயரம் சரியா கூடவே இல்லை. தைராய்டு நார்மல். இப்ப குடல்ல அழற்சி இருக்கான்னு பார்க்கணும்னு சொல்றாங்க. அவனுக்கு வயித்துப்போக்கே கிடையாது, எப்பவாவது லேசா வயிறு வலிக்கும். குடலுக்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்?"

உங்களிடம் அப்படிச் சொன்னவர் சரியான இடத்தில்தான் சந்தேகப்பட்டிருக்கிறார், அம்மா. குடல் அழற்சி நோய்களில் க்ரோன் நோய் என்று ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு வந்தால் வயிற்றுவலி, பேதி என்று வெளியே தெரிந்துவிடும். பத்து, பன்னிரண்டு வயதில் வரும்போது சில பிள்ளைகளுக்கு முதலில் அடிபடுவது உயரம்தான். வயிறு பெரிதாகத் தொந்தரவு செய்வதற்கு ஓரிரு வருடம் முன்பே வளர்ச்சி மந்தமாகியிருக்கும். க்ரோன் பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில், பெருங்குடலோடு சேரும் இடத்தில் வரும். அங்கே புண் இருந்தாலும், பெருங்குடல் நன்றாக இருந்தால் அது தண்ணீரை உறிஞ்சிவிடும். அதனால் சிலருக்கு மலம் சாதாரணமாகவே போகும்.

சரி, உயரம் ஏன் நிற்கிறது? சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் வருகிறது. அதை வாங்கிக்கொண்டு கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு பொருளைச் சுரக்கிறது. எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டை நீளச் செய்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. குடலில் அழற்சி இருந்தால் டி.என்.எஃப், இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் ரத்தத்தில் கலக்கும். அவை இருக்கும்போது, ஹார்மோன் வந்து கதவைத் தட்டினாலும் கல்லீரல் திறப்பதில்லை. வளர்ச்சித் தட்டையும் அவை நேராகவே தாக்குகின்றன. பருவமடைவதும் தள்ளிப்போகும். அதனால்தான் ஹார்மோன் அளவு சரியாக இருந்தும் பிள்ளை வளர்வதில்லை.

மீதிப் பாதி சாப்பாடு. சாப்பிட்டால் வயிறு கனக்கிறது, வலிக்கிறது என்பதைப் பல பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான்கு இட்லி சாப்பிட்டவன் இரண்டோடு எழுந்துவிடுவான். வீட்டில் அதை 'போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் போகிறான்' என்று நினைத்துவிடுகிறோம்.

நான் பார்த்த ஒரு பையனைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 14 வயதில் வந்தான். உயரம் 147.5 செ.மீ. வளர்ச்சி அட்டவணையில் இது கடைசிக் கோட்டுக்குக் கீழே போகவில்லை, 'கொஞ்சம் குள்ளம்' என்றுதான் தோன்றும். இரண்டு இடத்தில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா 172, அம்மா 158. இரண்டையும் கூட்டி, ஆண்பிள்ளை என்பதால் 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் 171.5. அவன் ஏறக்குறைய அந்த உயரத்தை நோக்கிப் போகவேண்டிய பையன்.

பள்ளியில் வருடாவருடம் எடுத்த அளவுகளைக் கொண்டுவரச் சொன்னேன். 10 வயதில் 136, அது அந்த வயதுக்கு நடுக்கோடு. 11-ல் 140. 12-ல் 143. 13-ல் 145.5. இப்போது 147.5. அதாவது ஒரு வருடத்துக்கு 4, அப்புறம் 3, அப்புறம் 2.5, அப்புறம் 2. பருவத்துக்கு முன் ஒரு பிள்ளை வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளரும். பையன்கள் வேகமெடுக்கும் சமயத்தில் 9 செ.மீ. கூட வளர்வார்கள். இவன் நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு கோடாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறான். ஒரே ஒரு நாள் அளவை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. பரம்பரையாகத் தாமதமாக வளரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் பெரும்பாலும் கீழே இருக்கும் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே போவார்கள், ரத்தச் சோகையோ அழற்சியோ இருக்காது.

இவனுக்கு ஹீமோகுளோபின் 9.8. இரும்புச்சத்து மாத்திரை இரண்டு முறை கொடுத்தும் ஏறவில்லை. உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ஈ.எஸ்.ஆர் 48. ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் 3.1, அது குறைவு. கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயது பதினொன்றரை. குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் கால்ப்ரோடெக்டின் என்ற புரதத்தைப் பார்த்தோம், 1,100 வந்தது. சாதாரணமாக 50-க்குள் இருக்கவேண்டும். ஒன்று சொல்லவேண்டும்: வயிற்றுத் தொற்றிலும் சில வலி மாத்திரைகளாலும் இது ஏறும், எனவே இதை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது. அதேபோல் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி சரியாக வந்துவிட்டதால் க்ரோன் இல்லை என்றும் சொல்லமுடியாது. பிறகு கொலோனாஸ்கோப்பி செய்தபோது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண்கள் இருந்தன.

நம் நாட்டில் அந்த இடத்தில் புண் என்றால் உடனே இன்னொரு கேள்வி வரும், குடல் காசநோயா என்று. அதுவும் அதே இடத்தில்தான் வரும், பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும். பயாப்சியில் காசநோய்க் கிருமி தேடவேண்டும், மார்பு எக்ஸ்ரேயும் வேண்டும். இதைச் சரிபார்க்காமல் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் காசநோய் பற்றிக்கொண்டு பரவும். மறுபக்கம், காசநோய் என்றே எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் க்ரோன் பிள்ளையின் வளரும் காலம் போய்விடும். இவனுக்குக் காசநோய்க்கான எதுவும் கிடைக்கவில்லை.

சிகிச்சையில் முதலில் 8 வாரம் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, எல்லாச் சத்தும் அடங்கிய திரவ உணவை மட்டும் கொடுத்தோம். அந்த அம்மா கேட்டதும் அழுதுவிட்டார். இரண்டு மாதம் சோறு இல்லாமலா என்று. கஷ்டம்தான், பையன் பத்தாவது நாள் சாம்பார் வாசனைக்கே சண்டை போட்டான். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையும் அழற்சியைக் குறைக்கும், வளர்ச்சியையும் அதுவே தடுக்கும். வளரவேண்டிய பிள்ளைக்கு அதனால்தான் நாங்கள் உணவு வழியை முதலில் பார்க்கிறோம். அதன் பிறகு டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் இன்ஃபிளிக்சிமாப் ஊசி. ஆறு மாதத்தில் கால்ப்ரோடெக்டின் 90-க்கு வந்தது. அடுத்த ஒரு வருடத்தில் 8 செ.மீ. வளர்ந்தான். எலும்பு வயது பின்தங்கியிருந்ததால்தான் அது முடிந்தது, வளர்ச்சித் தட்டு இன்னும் திறந்திருந்தது. அது மூடியபின் குடலை எவ்வளவு நன்றாக ஆற்றினாலும் உயரம் திரும்பி வராது.

உங்கள் பையனுக்கு இது க்ரோன்தான் என்று நான் சொல்லவில்லை. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தை உடம்பு ஏற்காததால் வரும் சீலியாக் நோயும் இப்படிச் செய்யும், அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பள்ளி அட்டை, தடுப்பூசிக் குறிப்பேடு, எங்கே உயரம் எழுதியிருந்தாலும் தேதியோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஆசனவாயைச் சுற்றித் தோல் துருத்திக்கொண்டிருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, சீழ் வருகிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதுப் பையன்கள் வெட்கப்பட்டு அதை மறைத்துவிடுவார்கள். வாயில் அடிக்கடி புண் வருகிறதா, காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்து போகிறதா என்பதையும் அவனைத் தனியாக உட்காரவைத்து நீங்களே கேளுங்கள். யாராவது வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாம் என்றால், கால்ப்ரோடெக்டின் முடிவு வரும்வரை பொறுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.