குழிவு வில்லைக்கு விடை 7.5 வந்தால் எங்கே பிழைத்தோம்?

[திரையில்: நீண்ட மேசை. மீற்றர் கோல் ஒன்று. அதன் அருகே மூன்று ஊசிகள், இரண்டு வில்லைகள், தாங்கிகள்.]

உயர்தரப் பௌதிகவியல் படித்த காலத்தில், குழிவு வில்லை ஒன்றின் குவியத்தூரம் காணும் பரிசோதனையை ஒருநாள் முழுவதும் செய்தேன். வாசிப்புகள் அழகாக வந்தன. கணித்தபோது விடை −7.5 cm. என் குறிவழக்கில் மறைக்குறி என்றால் குவிவு வில்லை. கையில் இருந்ததோ நடுவில் மெலிந்த வில்லை. குறியை மட்டும் அழித்துவிட்டு 7.5 என்று எழுதிக் கொடுத்தேன். உண்மையான விடை 15. குறியை அழித்ததால் பிழை போகவில்லை. பிழையைக் காட்டிக்கொடுத்த ஒரே சாட்சிதான் போயிற்று.

அதே பரிசோதனையை இன்று, வெள்ளவத்தையில் என் வீட்டு மேல்மாடியில், மீண்டும் செய்வோம்.

[திரையில்: ஜன்னல். குவிவு வில்லைக்குப் பின்னால் வெள்ளைத் தாள். தாளில் தலைகீழான தென்னைமரம்.]

முதலில் குவிவு வில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏறத்தாழ 100 மீற்றர் தொலைவில் ஒரு தென்னை. அதன் விம்பம் தாளில் தெளிவாக விழும்போது வில்லைக்கும் தாளுக்கும் இடையே 15 cm. மரம் முடிவிலியில் இல்லையே என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் வித்தியாசம் கால் மில்லிமீற்றர்கூட இல்லை. நம் மீற்றர் கோலால் அதை வாசிக்கவே முடியாது.

[திரையில்: மீற்றர் கோலின் மேலிருந்து காட்சி. 5.0, 35.0, 65.0 ஆகிய இடங்களில் அடையாளம்.]

பொருள் ஊசி 5.0 cm குறியில், குவிவு வில்லை 35.0 குறியில். இடைத்தூரம் 30 cm, அதாவது குவியத்தூரத்தின் இரு மடங்கு. ஆகவே மெய்விம்பம் மறுபுறம் 30 cm தள்ளி, 65.0 குறியில் உருவாகும். அதைத் தேடல் ஊசியால் பிடிக்க வேண்டும். கண்ணை ஊசிக்குப் பின்னால் குறைந்தது 25 cm தள்ளி வைத்துத் தலையை இடமும் வலமும் அசையுங்கள். தலை போகும் திசையிலேயே ஊசி விம்பத்தை விட்டு விலகினால், ஊசி விம்பத்துக்கு அப்பால் இருக்கிறது. உங்கள் பக்கம் இழுங்கள். எதிர்த்திசையில் விலகினால் தள்ளுங்கள். இரண்டும் ஒட்டியபடி சேர்ந்து அசையும் இடமே விம்பத்தின் இடம். விம்பம் தலைகீழாக இருப்பதால் ஊசிமுனையும் விம்பத்தின் முனையும் ஒன்றையொன்று முட்டி நிற்கும்.

இந்த விம்பத்தை I₁ என்போம். இனிமேல் பொருள் ஊசியையும் குவிவு வில்லையையும் தொடாதீர்கள். ஒன்று அரை சென்ரிமீற்றர் நகர்ந்தாலும் 65.0 என்ற வாசிப்புப் பொய்யாகிவிடும். அது பொய்யானது உங்களுக்குத் தெரியவும் வராது.

இப்போது குழிவு வில்லையை 55.0 குறியில் வைக்கிறேன். I₁ அதற்கு 10 cm அப்பால் இருக்கிறது. அங்கே கூடவிருந்த கதிர்களை வழியிலேயே குழிவு வில்லை சற்று விரிக்கிறது. கதிர்கள் தாமதித்து, 85.0 குறியில் கூடுகின்றன. அதுவே I₂. இதைப் பார்க்கக் கண் 110 குறிக்கும் அப்பால் போக வேண்டும். ஆதலால் மேசையின் அந்த முனையில் நிற்க முன்கூட்டியே இடம் விட்டுவையுங்கள்.

[திரையில்: கதிர்ப்படம் கோடு கோடாக வரையப்படுகிறது.]

சூத்திரத்தைத் தொடுமுன் கதிர்ப்படம். ஒளி இடமிருந்து வலம் போகிறது. குழிவு வில்லையை மட்டும் வரையுங்கள். அதன் வலப்புறம் 10 cm தூரத்தில், அச்சுக்குக் கீழே 2 cm உயரத்தில், I₁ஐப் புள்ளிக்கோட்டால் வரையுங்கள். உண்மையில் அங்கே ஒளி சேரவில்லை. கதிர்கள் அதைக் குறிவைத்து வந்தன, அவ்வளவுதான். இதுவே மாயப்பொருள்.

I₁இன் முனையைக் குறிவைத்து வரும் கதிர்களில் இரண்டு போதும். ஒன்று ஒளியியல் மையத்தின் ஊடாக வளையாமல் செல்கிறது. மற்றது அச்சுக்குச் சமாந்தரமாக, 2 cm கீழே வந்து வில்லையில் படுகிறது. இடப்புறக் குவியத்திலிருந்து புறப்பட்டது போல விரிந்து வெளியேறுகிறது. இரண்டும் வெட்டும் புள்ளி வில்லையிலிருந்து 30 cm வலப்புறம், அச்சுக்கு 6 cm கீழே. விம்பம் மூன்று மடங்கு பெரிது. 30ஐ 10ஆல் வகுத்தாலும் மூன்றுதான்.

[திரையில்: வில்லையிலிருந்து I₁க்கு ஓர் அம்பு, I₂க்கு ஓர் அம்பு. இரண்டும் வலப்புறம்.]

இங்கேதான் குறி வருகிறது. ஒவ்வொரு தூரத்தையும் வில்லையில் தொடங்கி அந்தப் புள்ளியில் முடியும் அம்பாக வரையுங்கள். நான் படித்த வழக்கில் படுகதிருக்கு எதிரான திசை நேர், ஒளி போகும் திசை மறை. வழமையான மெய்ப்பொருளுக்கு அம்பு ஒளியை எதிர்த்துப் போகும், ஆகவே u நேர். அதைப் பார்த்துப் பார்த்து, u என்றாலே நேர் என்று கை பழகிவிடுகிறது. என் பிழையும் அதுதான். இந்தப் படத்தில் இரண்டு அம்புகளும் ஒளியோடு போகின்றன. ஆகவே u = −10, v = −30.

```
1/f = 1/v − 1/u
    = −1/30 + 1/10
    = 1/15
f = +15 cm
```

அன்று நான் u = +10 என்று பிரதியிட்டேன். −1/30 − 1/10 என்பது −4/30. அதிலிருந்து வந்ததுதான் −7.5.

f தெரியாத கணியம். அதற்கு முன்கூட்டியே குறி போடாதீர்கள். குழிவு வில்லைதானே என்று இடப்பக்கத்திலும் ஒரு குறியைச் செருகினால், விடையில் வரும் குறி எதைச் சொல்கிறது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

"சேர், எங்கள் வகுப்பில் ஒளி போகும் திசையைத்தான் நேர் என்று எடுக்கிறோம்" என்று ஒரு மாணவி கேட்டார். தாராளமாக எடுக்கலாம். அப்போது u = +10, v = +30, விடை f = −15. மூன்று கணியங்களின் குறியும் ஒன்றாகப் புரள்வதால் சூத்திரம் மாறுவதில்லை. அந்த வழக்கில் குழிவு வில்லைக்கு மறைக்குறி, அவ்வளவே. சிக்கல் மூன்றாவது வழக்கில். மெய்யானவை எல்லாம் நேர், மாயமானவை எல்லாம் மறை என்று கொள்ளும் சில ஆங்கில நூல்களில் சூத்திரத்தின் நடுவே கூட்டல் குறி இருக்கும்: 1/v + 1/u = 1/f. அந்தச் சூத்திரத்தில் நம் குறிகளைப் போட்டாலும், நம் சூத்திரத்தில் அந்தக் குறிகளைப் போட்டாலும், விடை கெடும். விடைத்தாளின் முதல் வரியிலேயே எந்தத் திசை நேர் என்று ஓர் அம்பு போட்டுவிடுங்கள்.

[திரையில்: குழிவு வில்லை மெல்ல இடப்புறம் நகர்கிறது. I₂ வேகமாக வலப்புறம் ஓடி, திரையை விட்டு மறைகிறது.]

I₂ அகப்படவே இல்லையா? பெரும்பாலும் குழிவு வில்லையை I₁இலிருந்து அதிகம் தள்ளி வைத்திருப்பீர்கள். நம் வில்லைக்கு அந்தத் தூரம் 15 cm ஆனால் கதிர்கள் சமாந்தரமாக வெளியேறும். அதைத் தாண்டினால் விரியும். பிறகு எவ்வளவு தேடினாலும் ஊசிக்கு மெய்விம்பம் கிடையாது. வில்லையை I₁ பக்கம் நகர்த்துங்கள்.

வாசிப்புகளில் அதிகக் கவனம் கேட்பது I₁. அதை 65.0க்குப் பதில் 65.5 என்று வாசித்தால் u 10.5 ஆகி, f 16.2 வரை ஏறிவிடும். அதே அரை சென்ரிமீற்றர் பிழை I₂இல் நேர்ந்தால் f 14.9தான். ஆகவே குழிவு வில்லையைக் கையில் எடுக்குமுன், தேடல் ஊசியை I₁இலிருந்து விலக்கிவிட்டு, இன்னும் இரண்டு முறை அதே இடத்தைத் தேடிப் பிடித்து, மூன்று வாசிப்புகளின் சராசரியை எழுதுங்கள்.