200%-ல் பளிங்கு, போனில் தேமல்! டச்சப் செய்த முகத்தை அனுப்பும் முன் மூன்று பார்வை

[திரையில்: மணப்பெண்ணின் கன்னம், மிக அருகில்]

இந்தக் கன்னத்தை நல்லா பாருங்க. தோலின் நுண்துளைகள் அப்படியே இருக்கின்றன, பரு இருந்த இடம் எதுவென்று என்னாலேயே சொல்ல முடியாது, பூசி மெழுகிய மாதிரியும் இல்லை. இப்போது ஒன்றுமே மாற்றாமல் இதே படத்தைச் சின்னதாக்குகிறேன்.

[திரையில்: அதே படம், உள்ளங்கை அளவில்]

இடது கன்னத்தில் வெளிறிய திட்டு ஒன்று, தேமல் போல. தெரியுதா? அந்தப் பெண்ணுக்குத் தேமல் கிடையாது, அது என் பிரஷ் போட்ட திட்டு.

நான் செங்கோட்டையில் கல்யாண ஆல்பம் வேலை செய்கிறேன். வருகிற படங்களில் பாதி ஆரியங்காவு தாண்டி, புனலூர் பக்கத்துக் கல்யாணங்கள். இந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஐந்தாவது நிமிடம் பெண்ணின் அம்மா கூப்பிட்டார். “மோனே, எங்க மோளுக்கு முகத்துல இப்படி ஒண்ணும் இல்லையே, எந்தா இது?” என்றார். ராத்திரி மூன்று மணி நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் கண்ணில் படாதது, அவர் போனைத் திறந்ததுமே பட்டுவிட்டது. ஏன் என்பதுதான் இந்த வீடியோ.

படம் 4000-க்கு 6000 பிக்சல். நம்மில் பலர் வைத்திருக்கிற 1920-க்கு 1080 திரையில், போட்டோஷாப்பில் 100% வைத்தால், படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலில் உட்காரும், ஆனால் மொத்தப் படத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் தெரியும். நாமோ அதோடு நிற்காமல் 200%-க்குப் போய்தான் ஹீலிங் பிரஷைத் தொடுகிறோம். அந்தத் திட்டின் அகலம் சுமார் 240 பிக்சல். 24 அங்குலத் திரையில் 100%-ல் அது ஆறரை சென்டிமீட்டர், 200%-ல் பதின்மூன்று. அவ்வளவு தூரத்துக்கு வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கினால் நம் கண் அதை ஒரு மாற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை. 12.5%-க்குக் குறைத்தால் அதே ஏற்ற இறக்கம் எட்டு மில்லிமீட்டருக்குள் நெருங்கிவிடும், உடனே கண்ணில் குத்தும். பெரிதாக்கினால் எல்லாம் தெரியும் என்று நினைக்கிறோம், ஆனால் பெரிய திட்டுகள் பெரிதாக்கும்போதுதான் மறைகின்றன!

[திரையில்: ஐன்ஸ்டீன் முகம், மெதுவாகச் சிறிதாகிறது]

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் இது, இதற்காகவே இந்த வீடியோவைக் கடைசி வரை பார்க்கலாம். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஆட் ஒலிவா 2007-ல் உருவாக்கிய படம். கிட்டத்தில் பார்த்தால் ஐன்ஸ்டீன், மீசையும் சுருக்கமுமாக. நாலு எட்டு பின்னால் போனால் மர்லின் மன்றோ. படம் மாறவே இல்லை. ஐன்ஸ்டீனின் மெல்லிய கோடுகளை மட்டும் எடுத்து, மர்லினின் மங்கலான நிழல்கள் மேல் வைத்திருக்கிறார்கள். கிட்டத்தில் கோடுகள் ஜெயிக்கின்றன, தூரத்தில் நிழல்கள் ஜெயிக்கின்றன. தூரம் போக வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை இடுக்கினாலும் மர்லின் வந்துவிடுவார், செய்து பாருங்கள். நம் டச்சப்பிலும் இதுதான் நடக்கிறது. ஒரே முகத்தில் இரண்டு முகம், நாம் ராத்திரி முழுக்க ஐன்ஸ்டீனைத் திருத்துகிறோம், கல்யாண வீட்டுக்காரர்கள் போனில் பார்ப்பது மர்லினை.

சினிமா பேனரைக் கையால் வரைந்த காலத்தில் ஓவியர் இரண்டு தீற்று தீற்றிவிட்டுச் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்ப்பார். நமக்குச் சாலையைக் கடக்க வேண்டியதில்லை, Ctrl+0 போதும். இன்னும் வசதி வேண்டுமென்றால் Window > Arrange > New Window for கொடுங்கள். ஒரே படம் இரண்டு ஜன்னலில் திறக்கும். ஒன்றில் 100%-ல் வேலை செய்ய, பக்கத்தில் 12.5%-ல் முழு முகமும் கூடவே மாறிக்கொண்டிருக்கும். இதை மட்டும் இன்றைக்கே செய்து பாருங்கள், தயவுசெய்து.

சரி, அந்தப் படத்துக்கே போவோம். சின்ன அளவில் திட்டு மட்டும் இல்லை. இடுப்பை லிக்விஃபையில் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தேன், பின்னால் இருந்த மரக் கதவின் நிலை வில் மாதிரி வளைந்திருந்தது. 100%-ல் அந்த நிலையின் ஒரு துண்டுதான் தெரியும், துண்டாகப் பார்த்தால் நேராகவே இருக்கும். முழு நீளமும் ஒரே பார்வையில் வந்தால்தான் வளைவு தெரியும்.

அப்புறம் கண்ணை இடுக்கினேன். இமைகள் பாதி மூடும்போது நுணுக்கம் எல்லாம் கரைந்து, வெளிச்சமும் இருட்டும் மட்டும் பெரிய பெரிய கட்டிகளாக நிற்கும். வெள்ளைக் கசவுப் புடவை ஒரு கட்டி, முகம் ஒரு கட்டி, நடுவில் கழுத்து மட்டும் கறுப்பாக. வெட்டி ஒட்டிய தலை! முகத்தை மட்டும் வெளிச்சமாக்கிக் கழுத்தை அப்படியே விட்டிருந்தேன். அதோடு தாடைக்குக் கீழே இருந்த நிழலை முக்கால்வாசி அழித்திருந்ததால் தாடை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. நிழலைப் பாதி திருப்பிக் கொண்டுவந்து, கழுத்தை முகத்தோடு சேர்த்தேன். கண் இடுக்குவதில் நிறம் சரியாகப் பிடிபடாது, முடி ஓரம் பிடிபடவே படாது, அதற்கு இதை நம்பாதீர்கள். இடுக்கியும் பழகவில்லை என்றால் மேலே ஒரு Black & White லேயர் போட்டு அதில் Reds-ஐக் குறையுங்கள், தோலின் திட்டுகள் கரி பூசிய மாதிரி எழும்பும். படத்தைச் சேமிக்கும் முன் அந்த லேயரை அணைக்க மறக்காதீர்கள்.

100% எதற்கு என்றால், கடைசியில் வர. பெரிய திட்டைச் சரிசெய்யும்போது சின்னக் குறைகள் புதிதாகப் பிறக்கும், அதனால் முதலிலேயே 100% பார்த்து முடித்தால் அந்த நேரம் வீண். Ctrl+1 அடித்து, மேல் இடது மூலையில் தொடங்கி வரிசை வரிசையாக நகர்ந்தேன். நெற்றியில் விழுந்த ஒற்றை முடியை எடுத்திருந்தேன், அதன் நிழல் மட்டும் மெல்லிய கோடாக அங்கேயே கிடந்தது. மூக்குத்தியின் ஓரத்தில் ஹீலிங் பிரஷ் தங்கத்தின் மஞ்சளைத் தோலுக்கு இழுத்து வந்திருந்தது. ஹீலிங் பிரஷ் பக்கத்து நிறத்தைக் கலக்கும், அதனால் நகை ஓரத்தில் குளோன் ஸ்டாம்ப்தான் நல்லது. தலையில் முல்லைச் சரத்தின் இடைவெளியை நிரப்பியதில் ஒரே மொட்டு மூன்று இடத்தில். இது 100%-ஐ விட 50%-ல் சுலபமாகச் சிக்கும், மூன்றும் ஒரே பார்வையில் வருவதால். 66.7% மாதிரி அளவில் வைத்து ஓரங்களைப் பார்க்காதீர்கள், திரையே பிக்சலைக் கலந்து காட்டும், இல்லாத குறை தெரியும், இருக்கிற குறை ஒளியும்.

திருத்தியதும் உடனே அனுப்பவில்லை. ஒரே முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் அதற்குப் பழகிவிடும். எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து, படத்தை இடம் வலமாகத் திருப்பி, மறுபடி 12.5%-ல் பார்த்தேன். வலது புருவம் சற்று ஏறியிருந்தது, லிக்விஃபை செய்த வேலை. அதையும் இறக்கிவிட்டு, படத்தை என் போனுக்கே முதலில் அனுப்பி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் புனலூருக்கு அனுப்பினேன்.

[திரையில்: இரண்டு படங்கள், பக்கத்தில் பக்கத்தில், சின்ன அளவில்]

இரண்டாவது படத்திலும் ஒரு குறை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன். கண்ணை இடுக்கிப் பாருங்கள், எங்கே என்று எழுதுங்கள்.