சைதாப்பேட்டைக்கு நான்கு கிலோமீட்டர்

"பேருந்துக்காக நிற்கும் நேரத்தில் நடந்தே வீட்டுக்குப் போய்விடலாமே!"

என்று சொல்லிக் கைதட்டலை அள்ளிய எதிரணித் தம்பிக்கும், நடுவர் அவர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம். அன்றாடப் பயணத்துக்கு ஏற்றது பேருந்தா, ஆட்டோவா, செயலியில் அழைக்கும் காரா என்ற இந்தப் பட்டிமன்றத்தில் நான் பேருந்தின் பக்கம்.

என் அக்கா தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் நாள் முழுதும் நின்று வேலை பார்ப்பவள். ஒரு மழை நாளில், இரவு ஒன்பதே முக்காலுக்குக் கடையிலிருந்து இறங்கி, அலுப்பில் கார் அழைக்கும் செயலியைத் திறந்தாள். மூன்று நிமிடத்தில் வண்டி என்றது. மூன்றாவது நிமிடம் ஓட்டுநர் அழைத்தார்: "எங்கம்மா போகணும்? கேஷா, ஆன்லைனா?" சைதாப்பேட்டை என்றதும் பயணம் ரத்தானது. அடுத்த வண்டிக்கும் மூன்று நிமிடம், அதே கேள்வி, அதே ரத்து. மூன்றாவது வண்டிக்கும் அதே மூன்று நிமிடம்தான். கட்டணம் மட்டும் ஏறியிருந்தது. அந்த மூன்று நிமிடத்துக்காக இருபத்தைந்து நிமிடம் நனைந்தாள், தம்பி! ஓட்டுநர் மீதும் பழியில்லை. கிட்டத்துச் சவாரிக்காக வெறும் வண்டியை ஓட்டி வந்தால் அவருக்கு என்ன மிஞ்சும்?

ஆட்டோ அணியின் ஐயா மீட்டர் கணக்கைச் சரியாகவே சொன்னார். 2013இல் அரசு வகுத்தபடி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். நான்கு கிலோமீட்டருக்கு 51 ரூபாய் 40 காசு. இரவு பதினொன்றுக்கு மேல் அதில் பாதி கூடுதல். ஆனால் அந்தப் பழைய கட்டணத்துக்கு எந்த ஆட்டோ வருகிறது? வந்தாலும், போக வர 26 நாளுக்கு 2,600 ரூபாயைத் தாண்டுகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் அக்காவுக்குக் கட்டணமே இல்லை.

மூட்டுவலி கண்ட தம் தாயாரைக் காரில் அழைத்துச் சென்றதாகக் கார் அணியின் சகோதரி உருகினார். அதற்குக் கார்தான் சரி. ஆனால் அது மருத்துவமனைப் பயணம், நாம் பேசுவது அன்றாடப் பயணத்தை.

இரவில் பேருந்துகளின் இடைவெளி நீள்கிறது. சொகுசுப் பேருந்து முன்னால் வந்துவிட, இலவசப் பேருந்து பின்தங்குவதும் உண்டு. 'சென்னை பஸ்' செயலியில் வண்டி எங்கே வருகிறதென்று பார்த்துவிட்டுக் கடையை விட்டு இறங்கினால், நிறுத்தத்தில் தனியே நிற்கும் நேரம் குறையும். இறங்கியபின் வரும் இருட்டுத் தெருவுக்கு என்னிடம் பதிலில்லை. வாசல்வரை வரும் ஆட்டோவின் அருமை அங்கே தெரிகிறது.

ஆனாலும் அந்த மழை இரவில் அக்கா கடைசியில் ஏறியது பேருந்தில்தான், நடுவர் அவர்களே. உள்ளே பூ விற்றுத் திரும்பும் அம்மாக்களும், அவளைப் போலவே கடைகளில் நின்று களைத்த பெண்களும் இருந்தார்கள். ஒருத்தி தன் முந்தானையால் அக்காவின் தலையைத் துவட்டிவிட்டாள். சைதாப்பேட்டையில் அவள் இறங்கியபோது நடத்துநர் விசில் ஊதாமல் படியில் நின்று, "கூட்டிப்போக ஆள் வந்தாச்சாம்மா?" என்று கேட்டார். குடையோடு ஓடி வந்த நான் கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் விசில் ஊதினார்.