டிஷ்வாஷர்ல உப்பு எவ்வளவு? H எண்ணை எப்படி வைக்கிறது?

[திரையில்: வெளிச்சத்துக்கு நேரா பிடிச்ச கண்ணாடி டம்ளர், மேல மங்கலா வெள்ளைப் படலம்]

இந்த டம்ளர் இப்போதான் டிஷ்வாஷர்லேர்ந்து வெளிய வந்தது. துணியால துடைச்சாலும் இந்தப் படலம் போகல. கொஞ்சம் வினிகரை விரல்ல தொட்டுத் தேய்க்கிறேன். பாருங்க, போயிடுச்சு. அப்படின்னா இது தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு. இதே படலம் வெறும் தண்ணியில கழுவினாலே போயிருந்தா, உப்பு அறையோட மூடி சரியா இறுகல, உப்புத்தண்ணி கசியுதுன்னு அர்த்தம். வினிகருக்கும் போகலைன்னா கண்ணாடியே அரிச்சிருக்கு. அதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்ல.

நம்ம டம்ளர்ல சுண்ணாம்பு. சென்னையில போர் தண்ணி வர்ற ஃப்ளாட்டுக்கு இது சகஜம்.

[திரையில்: கீழ்த்தட்டை வெளிய எடுத்த மெஷின், தரையில பெரிய திருகு மூடி]

இந்த மூடிக்கு உள்ளதான் உப்பு அறை. இதுல போடற உப்பு பாத்திரத்தைக் கழுவறதே இல்ல. பக்கத்துல இருக்கிற சாஃப்ட்னர்ல ரெசின்னு குட்டிக் குட்டி மணிகள் இருக்கு. தண்ணி அதுவழியா போகும்போது கால்சியம், மக்னீசியத்தை மணிகள் பிடிச்சுக்கிட்டு, பதிலுக்கு சோடியத்தை விடும். கொஞ்ச நாள்ல மணிகள் நிரம்பிடும். அப்போ மெஷின் உப்புத்தண்ணியால அதைக் கழுவி, பிடிச்சு வெச்சதையெல்லாம் சாக்கடைக்கு அனுப்பிட்டு, மணிகளைப் பழையபடி ஆக்கும். எவ்வளவு அடிக்கடி கழுவணும்னு மெஷினுக்குச் சொல்றதுதான் அந்த H எண்.

இங்கதான் நான் ஏமாறப் பார்த்தேன். கையில டிடிஎஸ் மீட்டர் இருந்தது, அதை வெச்சே H எண்ணைப் போடலாம்னு நெனச்சேன். டிடிஎஸ் மீட்டர் கரைஞ்சிருக்கிற எல்லாத்தையும் சேர்த்துக் காட்டும், சாதா உப்பையும் சேர்த்து. கடினத்தன்மை, அதாவது கால்சியம், மக்னீசியத்தோட அளவு, அதுல ஒரு பகுதிதான். சாஃப்ட்னர் வழியா வந்த தண்ணியிலயும் டிடிஎஸ் கிட்டத்தட்ட அதேதான் காட்டும், ஏன்னா கால்சியம் போன இடத்துல சோடியம் வந்து உக்காந்திருக்கு.

[திரையில்: சின்ன பாட்டில்ல தண்ணி, சொட்டு மருந்து]

கடினத்தன்மையை மட்டும் அளக்கத் தேவை சொட்டு கிட். தண்ணியில கிட் சொல்ற பொடியைப் போட்டா ஒயின் சிவப்பு ஆகும். இப்போ சொட்டை ஒவ்வொண்ணா விடறேன், குலுக்கறேன். பதினாறு... பதினேழு, ஊதா மாதிரி ஆகுது... பதினெட்டு. சுத்தமான நீலம். இந்தக் கிட்ல ஒரு சொட்டு 25 பிபிஎம். 18 சொட்டுன்னா 450.

என் மேனுவல் ஜெர்மன் டிகிரியில பேசுது. ஒரு டிகிரி 17.8 பிபிஎம். 450-ஐ வகுத்தா 25 சொச்சம். என் மெஷின் அட்டவணையில 22லேர்ந்து 30 வரைக்கும் H06. இது கம்பெனியிலேர்ந்து வந்த H04-லயே இருந்தது, அது 16 டிகிரி வரைக்கும்தான். டம்ளர் வெளுத்ததுக்குக் காரணம் இதுதான். உங்க மெஷின் அட்டவணை வேறயா இருக்கலாம், பட்டன் வரிசையும் மாறும். மேனுவலைத் திறந்துக்கோங்க.

[திரையில்: புனல், உப்பு பாக்கெட்]

அடுத்தது உப்பு. முதல் தடவை மட்டும் அறையில சுமார் ஒரு லிட்டர் தண்ணி ஊத்தணும். அப்புறம் புனல் வெச்சு டிஷ்வாஷர் உப்பைக் கொட்டுங்க. உப்பு இறங்க இறங்க தண்ணி வழியும், பயப்படாதீங்க. சமையல் தூள் உப்பு வேண்டாம், கட்டியாகி அடைக்கும். கல் உப்புல மண்ணும் கால்சியமும் கலந்திருக்கும், எதை நீக்கணும்னு பார்க்கறமோ அதையே உள்ள போடறமாதிரி. தப்பித்தவறி சோப்புப் பொடியை இதுல போட்டுட்டா சாஃப்ட்னரே போயிடும்.

மூடியோட மரையைத் துடைச்சு இறுக்கி மூடுங்க. உடனே ஒரு வாஷ் ஓட்டுங்க, சிந்தின உப்புத்தண்ணி அப்படியே நின்னா ஸ்டீல்ல துரு பிடிக்கும். அதனால உப்பு போடறது எப்பவும் வாஷுக்கு முன்னாடிதான். உப்பு விளக்கு உடனே அணையலைன்னா மறுபடி கொட்டாதீங்க, கரைய நேரம் ஆகும்.

[திரையில்: அபார்ட்மென்ட் மொட்டைமாடி, பொது சாஃப்ட்னர் தொட்டி]

சரி, உப்பே வேண்டாத வீடு எது? என் மெஷின் கணக்குல 6 டிகிரி வரைக்கும், அதாவது ஏறக்குறைய 107 பிபிஎம் வரைக்கும் H00. விளக்கும் எரியாது, உப்பும் செலவாகாது. கோவையில சிறுவாணித் தண்ணி மட்டும் வர்ற வீட்டுல முதல்ல சோதிச்சுப் பாருங்க, அனேகமா உப்பு வாங்கவே வேண்டியிருக்காது. என் தம்பி அபார்ட்மென்ட்ல பொது சாஃப்ட்னர் இருக்கு. அவன் சமையலறைக் குழாய்ல ரெண்டே சொட்டுல நீலம் ஆச்சு, 50 பிபிஎம். அங்க H06 வெச்சா உப்பும் தண்ணியும் வீண், ரொம்ப மென்மையான தண்ணி கண்ணாடியையும் அரிக்கும். H00 போட்டாச்சு. ஆனா மாடியில உப்பு போட வாட்ச்மேன் மறந்த வாரத்துல அதே குழாய்ல 14 சொட்டு ஆச்சு. அதனால கிட்டை அவன் தூக்கிப் போடல, மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கறான்.

'ஆல் இன் ஒன்' டேப்லெட் போட்டா உப்பு தேவையில்லைன்னு கடையில சொல்வாங்க. பல மேனுவல்ல அதுக்கு 21 டிகிரி, கிட்டத்தட்ட 375 பிபிஎம் வரைக்கும்னு வரம்பு போட்டிருக்கு. என் வீட்டு 450-க்கு அது எட்டாது, அதனால டேப்லெட்டும் போடறேன், உப்பும் போடறேன்.

[திரையில்: H06-ல ஓடின வாஷ் முடிஞ்சு, அதே டம்ளர் வெளிச்சத்துல]